மைனர் பங்கு நிலம்: தாய் கையெழுத்து ஏன் போதாது?

“நீங்கதானேம்மா தாய்? கார்டியன்னு போட்டு நீங்களே கையெழுத்துப் போட்டுடலாம். கோர்ட்டுக்கெல்லாம் எதுக்கு அலையணும்?” கணவன் இறந்த பிறகு, கடன்காரருக்குப் பதில் சொல்ல முடியாமல் நிலத்தை விற்கக் கிளம்பும் பெண்ணிடம் இப்படிச் சொல்ல யாராவது ஒருவர் இருப்பார். புரோக்கராக இருக்கலாம், வாங்க வந்தவராக இருக்கலாம், நல்லது நினைக்கும் உறவினராகவும் இருக்கலாம். பேச்சில் முதல் பாதி சரி. தாய்தான் கார்டியன், அதில் சந்தேகமில்லை. ஆனால் பிள்ளையின் நிலத்தை விற்கும் அதிகாரம் அந்தத் தகுதியோடு சேர்ந்து வருவதில்லை. அதற்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும், அதுவும் கிரயத்துக்கு முன்பே வேண்டும்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரத்தநாட்டுப் பக்கம் 2 ஏக்கர் நஞ்சை. குடும்பத் தலைவர் தன் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கியது. நடுவில் ஒரு போர்வெல், ஓரமாக ஒரு வண்டிப்பாதை. உயில் எழுதாமலே திடீரென்று இறந்துவிட்டார். மனைவி, 14 வயது மகள், 9 வயது மகன், அவருடைய வயதான தாய் ஆகிய நால்வர் இருக்கிறார்கள். புரோநோட்டுக் கடன் 4 லட்சம் ரூபாய். பயிர் வைக்க ஆள் இல்லை. சென்ட் 15,000 ரூபாய் என்று ஒருவர் விலை கேட்கிறார். 200 சென்டுக்கு 30 லட்சம்.

இங்கே முதல் தவறு “நிலம் இனி மனைவிக்குத்தானே” என்ற எண்ணத்தில் தொடங்குகிறது. 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொந்தச் சொத்து அவர் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சமமாகப் போகும். ஆகவே நான்கு பங்கு, ஆளுக்கு 50 சென்ட். மாமியாருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பட்டாவை மனைவி பெயருக்கு மட்டும் மாற்றிக்கொண்டாலும் இந்தப் பங்கு மாறாது. வருவாய்த்துறைப் பதிவுக்கான ஆவணம்தான் பட்டா, உரிமையைப் பிரித்துக் கொடுப்பது வாரிசுரிமைச் சட்டம். மனைவி தன் 50 சென்டை நாளையே விற்கலாம். மாமியாரும் தன் பங்கை விற்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மீதி 100 சென்ட் அந்த இரண்டு பிள்ளைகளுடையது. அது அம்மா வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் சொத்து, அம்மாவின் சொத்து அல்ல.

அந்த 100 சென்டைப் பற்றிப் பேசுவது 1956 இலேயே வந்த இன்னொரு சட்டம், இந்து மைனர் மற்றும் கார்டியன் சட்டம். 18 வயது நிரம்பாதவர் மைனர். அவருக்குத் தந்தை இயற்கைக் கார்டியன், அவருக்குப் பின் தாய். “அவருக்குப் பின்” என்றால் தந்தை இறந்த பிறகு மட்டும்தானா என்ற கேள்வி எழுந்து, கீதா ஹரிஹரன் வழக்கில் 1999 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் விளக்கம் தந்தது. தந்தை உயிரோடு இருந்தாலும் பிள்ளையைக் கவனிக்கும் நிலையில் இல்லாதபோது தாய் கார்டியனாகச் செயல்படலாம் என்றது. நம் குடும்பத்தில் அந்தச் சிக்கல் இல்லை, தாய்தான் கார்டியன்.

அந்தச் சட்டத்தின் 8 ஆவது பிரிவு கார்டியனுக்குத் தாராளமாகவே அதிகாரம் கொடுக்கிறது. பிள்ளையின் நன்மைக்குத் தேவையான, நியாயமான எதையும் செய்யலாம். நிலத்தைப் பயிரிடலாம், விளைச்சலை விற்கலாம், வரி கட்டலாம், வழக்கு நடத்தலாம், குத்தகைக்கும் விடலாம். ஒரு கோட்டை மட்டும் தாண்டக் கூடாது. மைனரின் அசையாச் சொத்தில் எந்தப் பகுதியையும் நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் விற்பதோ, அடமானம் வைப்பதோ, தானம் கொடுப்பதோ, பரிவர்த்தனை செய்வதோ, வேறு எந்த வகையிலும் மாற்றுவதோ கூடாது. கிரயப் பத்திரத்துக்குப் பதிலாக விடுதலைப் பத்திரம் எழுதி, பிள்ளை பங்கைச் சித்தப்பாவுக்கு விட்டுக்கொடுத்தாலும் இதே கதைதான். குத்தகைக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. 5 ஆண்டைத் தாண்டக் கூடாது, பிள்ளைக்கு 18 வயது ஆன பிறகு ஓராண்டுக்கு மேல் நீளவும் கூடாது. மகளுக்கு இன்றுதான் 14 வயது ஆகிறது என்றால் 5 ஆண்டுக் குத்தகை அவளுடைய 19 ஆவது பிறந்தநாளில் முடியும், அது சட்டத்துக்குள் அடங்கும். அவளுக்கு 16 வயது என்றால் 3 ஆண்டுக்கு மேல் விட முடியாது.

பெற்ற தாயை நம்பாமல் சட்டம் ஏன் இவ்வளவு கெடுபிடி செய்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. இந்த விதி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கும்.

1956 க்கு முன்னால் இந்தியாவில் இந்த அனுமதி தேவைப்படவில்லை. அப்போதைய நிலையைத் தீர்மானித்தது 1856 இல் லண்டன் பிரிவி கவுன்சில் சொன்ன ஒரு தீர்ப்பு. அனுமன் பிரசாத் பாண்டே வழக்கு என்று சட்டம் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். மைனர் மகனுக்காக எஸ்டேட்டை நிர்வகித்த ஒரு தாய் அதை அடமானம் வைத்துக் கடன் வாங்கினார், பின்னால் அது வழக்கானது. கார்டியனுக்கு இருப்பது வரம்புக்கு உட்பட்ட அதிகாரம், தேவை இருந்தாலோ சொத்துக்கு நன்மை இருந்தாலோ மட்டுமே பயன்படுத்தலாம் என்றது பிரிவி கவுன்சில். கடன் கொடுத்தவர் உண்மையிலேயே தேவை இருக்கிறதா என்று நேர்மையாக விசாரித்திருந்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு என்றும் சொன்னது.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆனது? தேவை இருந்ததா இல்லையா என்ற கேள்வி கிரயத்தன்று எழவில்லை. பிள்ளை வளர்ந்து, விவரம் தெரிந்து, வழக்குப் போட்ட பிறகுதான் எழுந்தது. அதற்குள் பத்துப் பதினைந்து ஆண்டுகள் போயிருக்கும். கடன் கொடுத்தவர் இறந்திருப்பார். நோட்டைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். அன்றைக்கு நிலம் என்ன விலை போனது என்று சொல்ல ஆள் இருக்காது. ஒரு தாய் உண்மையான கஷ்டத்தில் விற்றிருந்தாலும் நிரூபிக்க முடியாமல் நிற்பார். ஒரு மாமன் ஏமாற்றி விற்றிருந்தாலும் தப்பித்துக்கொள்வார். வாங்கியவர் தான் விசாரித்ததற்குச் சாட்சி தேடுவார்.

1956 ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கேள்வியின் நேரத்தை மாற்றியது. தேவை அல்லது கண்கூடான நன்மை என்ற பழைய அளவுகோல் அப்படியே இருக்கிறது. ஆனால் அதைக் கிரயத்துக்கு முன்பே கேட்கச் சொன்னது. கடன்காரர் நோட்டோடு வந்து நிற்கும்போது, நிலம் கண்ணெதிரே கிடக்கும்போது, பக்கத்து வயல் போன மாதம் என்ன விலைக்குப் போனது என்று தெரியும்போது கேட்கச் சொன்னது. பதில் கிடைக்கக்கூடிய நேரம் அதுதான். தாய் கெட்டவள் என்ற சந்தேகம் இந்த விதியில் இல்லை. கணவன் இறந்த ஆறு மாதத்தில் நாலு பக்கமும் நெருக்கடி இருக்கும்போது நல்ல தாயும் மலிவு விலைக்குச் சம்மதித்துவிடுவாள் என்ற அனுபவம்தான் இருக்கிறது. “கோர்ட்டு அனுமதி இல்லாம நான் கையெழுத்துப் போட முடியாதுங்க” என்று அவள் சொல்ல முடிவதே அவளுக்கு ஒரு தற்காப்பு. அவசரப்படுத்தும் புரோக்கருக்கும், பங்கு கேட்டு வரும் மைத்துனருக்கும் முன்னால் அவள் ஊன்றி நிற்க அந்த ஒரு வாக்கியம் போதும்.

அனுமதி கேட்டு மனுப் போட வேண்டியது, நிலம் இருக்கும் எல்லைக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில். குடும்பம் திருப்பூரில் குடியிருந்தாலும் நிலம் தஞ்சையில் என்றால் தஞ்சைக்குத்தான் போக வேண்டும். வக்கீல்கள் இந்த வகை மனுவை ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள். 1890 ஆம் ஆண்டின் கார்டியன் மற்றும் வார்டு சட்டம் சொல்லும் முறைப்படி அது நடக்கும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், அந்த இடத்துக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, கடன் ஆதாரங்கள் ஆகியவற்றை இணைப்பது வழக்கம். வாங்குபவர் யார், என்ன விலை என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் உறவினர், நண்பர் யாருக்காவது தெரிவிப்பது நல்லது என்று நீதிபதி கருதினால் அவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பச் சொல்லலாம். பத்திரிகையில் அறிவிப்புக் கொடுக்கச் சொல்வதும் உண்டு.

நம் குடும்பத்தின் மனு நீதிபதி முன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மனுவில் “குடும்பக் கஷ்டத்துக்காகவும் கடன் அடைக்கவும்” என்று மட்டும் எழுதியிருந்தால் அது போதாது. கடன் 4 லட்சம். தாயின் பங்கை மட்டும் விற்றாலே 7.5 லட்சம் வருமே, அதிலேயே கடனை அடைக்கலாமே, பிள்ளைகள் பங்கை ஏன் தொட வேண்டும்? எந்த நீதிபதிக்கும் முதலில் தோன்றும் கேள்வி இது, தோன்ற வேண்டிய கேள்வியும் இதுதான். இறந்தவர் கடனுக்குப் பிள்ளைகள் பொறுப்பு என்றாலும், தங்களுக்குக் கிடைத்த பங்கின் அளவுக்குத்தான் பொறுப்பு. நான்கில் இரண்டு பங்கு அவர்களுடையது என்பதால் 4 லட்சத்தில் அவர்கள் தலையில் விழுவது 2 லட்சம். 2 லட்சத்துக்காக 15 லட்சம் பெறுமான நிலத்தை விற்பது தேவை ஆகிவிடாது.

ஆகவே மனுவில் இரண்டாவது அளவுகோலைச் சொல்ல வேண்டியிருக்கும். கண்கூடான நன்மை என்று சட்டம் சொல்வது, ஒருவேளை நல்லதாக முடியலாம் என்ற எதிர்பார்ப்பை அல்ல. காகிதத்தில் போட்டுப் பார்த்தால் தெரிய வேண்டும். இந்தக் குடும்பத்தில் அந்தக் கணக்கு இப்படி வரும். போர்வெல்லும் பாதையும் நிலம் முழுவதுக்கும் பொது. தாயும் பாட்டியும் தங்கள் பாதியை மட்டும் தனியாக விற்றால், தண்ணீரும் வழியும் யாருக்கு என்ற தகராறு உள்ள பிரியாத பாதிக்குச் சென்டுக்கு 15,000 கொடுக்க யாரும் வரமாட்டார்கள். மிஞ்சும் 100 சென்டைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் இல்லை. இரண்டு போகமாகத் தரிசு. குத்தகைக்குக் கேட்டவர்கள் என்ன தொகை சொன்னார்கள் என்பதையும் சொல்லலாம். அதற்கு எதிரே, மொத்தமாக விற்றால் பிள்ளைகள் பங்குக்கு 15 லட்சம். கடனில் அவர்கள் பங்கு 2 லட்சம் போக 13 லட்சம். ஆளுக்கு 6.5 லட்சம். தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்பாகப் போட்டு 7 சதவீத வட்டி கிடைப்பதாகக் கொண்டால் ஆண்டுக்கு 91,000 ரூபாய் வரும். இரண்டு பேரின் பள்ளிச் செலவுக்கு அது உண்மையான உதவி.

நீதிபதி அனுமதிக்கலாம், அனுமதிக்காமலும் போகலாம். அந்த நிலத்தின் அருகில் புறவழிச்சாலை வருகிறது, விலை ஏறப்போகிறது என்று தெரிந்தால் தயங்குவார். வழிகாட்டி மதிப்பைவிடச் சந்தை விலை மிகவும் கூடுதலாக இருக்கும் இடங்களில், மனுவில் சொன்ன விலை யாருடைய கணக்கு என்று கேட்பார். வாங்க வருபவர் தாயின் சொந்த அண்ணன் என்றால் இன்னும் கவனமாகப் பார்ப்பார். தாய் தன் பேரில் வாங்கிய கடனை அடைக்க, மாமா கடை வைக்க, கல்யாணச் சீர் செய்ய என்ற காரணங்கள் எல்லாம் பிள்ளையின் தேவையாகவோ நன்மையாகவோ ஆகாது. மறுத்தால் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது.

அனுமதி கிடைத்தாலும் அது வெறும் “விற்றுக்கொள்ளலாம்” என்ற ஒற்றை வரியாக இருக்காது. என்ன தேவை அல்லது என்ன நன்மை என்பதையும், எந்தச் சொத்து என்பதையும் உத்தரவில் எழுத வேண்டும் என்று 1890 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நிபந்தனைகளும் போடலாம். நீதிமன்றத்தின் முன்னிலையில் பொது ஏலம் விட்டு விற்க வேண்டும் என்று சொல்லலாம். கிரயத்தை முடிப்பதற்கு முன் மறுபடியும் ஒப்புதல் பெற வேண்டும் என்று சொல்லலாம். பணம் முழுவதையும், அல்லது ஒரு பகுதியை, நீதிமன்றத்தில் கட்டச் சொல்லலாம். நடைமுறையில் அதிகம் பார்ப்பது குறைந்தபட்ச விலையைக் குறித்து, பிள்ளையின் பங்குத் தொகையை 18 வயது ஆகும்வரை வங்கி வைப்பில் வைக்கச் சொல்வது. வட்டியைப் படிப்புச் செலவுக்கு எடுத்துக்கொள்ளத் தாய்க்கு அனுமதி இருக்கும். அசலில் கை வைக்க மறுபடி நீதிமன்றத்துக்கு வர வேண்டும். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவோ அறுவைச் சிகிச்சைக்கோ அப்படி வந்து கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

இதற்குச் சில மாதங்கள் ஆகும். வாங்குபவர் அதுவரை காத்திருக்க வேண்டுமே என்ற கவலையில்தான் பலர் குறுக்கு வழிக்குப் போகிறார்கள். அந்த வழியில் போனால் என்ன ஆகும் என்பதை வாங்குபவர் பக்கத்திலிருந்தே பார்க்கலாம்.

அனுமதி இல்லாமல் கார்டியன் விற்ற கிரயம் பிறக்கும்போதே செத்த கிரயம் அல்ல. பிள்ளை வேண்டாம் என்று சொன்னால் விழும், சொல்லாவிட்டால் நிற்கும். பிள்ளைக்கு 18 வயது ஆன நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் ரத்து செய்யக் கேட்டு வழக்குப் போடலாம் என்கிறது காலவரையறைச் சட்டம். அதாவது 21 வயது வரை. நம் குடும்பத்தில் மகளுக்கு இன்னும் 7 ஆண்டு, மகனுக்கு 12 ஆண்டு. வாங்கியவர் அந்த நிலத்தில் தென்னை வைத்து அது காய்க்கத் தொடங்கிய பிறகும் அவன் வந்து கேட்கலாம். மைனராகவே அவன் இறந்துவிட்டால், இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் அவனுடைய வாரிசு கேட்கலாம்.

வழக்கில் அவன் நிரூபிக்க வேண்டியது அதிகமில்லை. விலை குறைவு என்றோ, அம்மா பணத்தை வீணடித்தார் என்றோ காட்ட வேண்டியதில்லை. நிலம் என் பங்கு, அப்போது நான் மைனர், அனுமதி இல்லை என்ற மூன்றும் போதும். அன்றைக்கு உண்மையிலேயே தேவை இருந்தது என்று வாங்கியவர் வாதாடினாலும், அனுமதி இல்லாத குறையை அது நிரப்பாது. ரத்து செய்யும்போது, பிள்ளை அந்தக் கிரயத்தால் அடைந்த நன்மையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வாங்கியவருக்கு மிஞ்சும் ஆறுதல் அவ்வளவுதான், அன்றைய பழைய தொகைக்கு இன்றைய நிலம் வராது.

பிள்ளைகளும் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது. அந்த 3 ஆண்டு மிகவும் கறாரானது. தமிழ்நாட்டிலிருந்து போன முருகன் எதிர் கேசவ கவுண்டர் வழக்கில் 2019 இல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. கார்டியனாகத் தந்தை எழுதிய கிரயத்தை ரத்து செய்யும்படி கேட்காமல் நிலத்தை மட்டும் கேட்டு வழக்குப் போட்டால் செல்லாது என்றது. 2025 அக்டோபரில் கர்நாடகத்தின் தாவணகெரேயிலிருந்து வந்த வழக்கில் அதே நீதிமன்றம் இன்னொரு வாசலைத் திறந்தது. மூன்று மைனர் மகன்கள் பெயரில் தந்தை 1971 இல் வாங்கிய மனைகளை அனுமதி இல்லாமல் விற்றுவிட்டார். பிள்ளைகள் வயது வந்த பிறகு அதே மனைகளை வேறொருவருக்கு விற்றார்கள். முந்தைய கிரயத்தை ஏற்கவில்லை என்பதற்கு அந்தப் புதிய விற்பனையே போதுமான அடையாளம், தனியாக வழக்குப் போட்டுத்தான் விலக்க வேண்டும் என்பதில்லை என்றது நீதிமன்றம். முதல் கிரயத்தின் வழியாக ஒரு மனையை வாங்கியிருந்தவர் அதை இழந்தார். அவர் மைனரிடம் நேரடியாக வாங்கியவர்கூட இல்லை, இரண்டாவது கை. சம்மன் எதுவும் வராமலே தன் உரிமை கரைந்துபோக முடியும் என்பது நிலம் வாங்கும் எல்லோருக்கும் புதிய எச்சரிக்கை.

யார் கையெழுத்து என்பதிலும் ஏமாறுகிறார்கள். தந்தை இறந்த வீட்டில் பெரியப்பாவோ தாத்தாவோ பிள்ளைகளை வளர்ப்பார், அவரே கார்டியன் என்று பத்திரத்தில் எழுதுவார்கள். வளர்ப்பதனால் மட்டும் ஒருவருக்குச் சொத்தில் கை வைக்கும் அதிகாரம் வராது என்கிறது அந்தச் சட்டத்தின் 11 ஆவது பிரிவு. அக்கா தன்னைக் கார்டியன் என்று சொல்லித் தங்கையின் நிலத்தை விற்ற ஒரு வழக்கில், அந்தக் கிரயம் தொடக்கத்திலிருந்தே செல்லாது, ரத்து செய்யக்கூடத் தேவையில்லை என்று 2001 இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தாய் தந்தை இருவருமே இல்லாத பிள்ளைகள் என்றால் முதலில் நீதிமன்றத்தில் கார்டியனாக நியமனம் பெற வேண்டும், பிறகு விற்க அனுமதி கேட்க வேண்டும். இன்னொரு வழக்கில் தாய் விற்றார், உயிரோடு இருந்த தந்தை சாட்சிக் கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்து கார்டியன் கையெழுத்தாகாது என்றது 1993 ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

எல்லாவற்றையும்விட மோசமானது பிள்ளைகளையே மறைத்து எழுதும் பத்திரம். “எனக்குப் பாத்தியப்பட்ட” என்று தாய் மட்டும் மொத்த 2 ஏக்கரையும் விற்றதாக எழுதினால் அது கார்டியன் செய்த கிரயமே அல்ல. அவர் கொடுக்க முடிந்தது தன் 50 சென்டை மட்டுமே. வாங்குபவர் இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வேலை செய்யலாம். வில்லங்கச் சான்றிதழில் வரும் ஒவ்வொரு பழைய பத்திரத்தின் நகலையும் எடுத்து, அதில் ஒருவர் இறந்து வாரிசுகள் விற்றதாக இருந்தால், வாரிசுச் சான்றிதழில் உள்ள பெயர்களையும் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்களையும் வரிசையாக ஒப்பிட வேண்டும். ஒரு பெயர் குறைந்தால் நிற்க வேண்டும். “மைனருக்காகத் தாயும் கார்டியனுமான” என்ற தொடர் கண்ணில் பட்டால், அந்த மைனரின் பிறந்த தேதியோடு 21 ஐக் கூட்டிப் பார்க்க வேண்டும். அனுமதி உத்தரவின் எண் பத்திரத்தில் இருந்தால் உத்தரவின் சான்றிட்ட நகலைக் கேட்டு வாங்கி, சர்வே எண், பரப்பு, விலை மூன்றும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். உத்தரவு 100 சென்டுக்கு 15 லட்சம் என்று சொல்ல, பத்திரம் 10 லட்சம் என்று சொன்னால் அந்தக் கிரயம் உத்தரவுப்படி நடந்த கிரயம் அல்ல.

இந்த விதி எல்லா நிலத்துக்கும் எல்லோருக்கும் ஒன்றுபோல் பொருந்தாது. இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பிரியாத பூர்வீகச் சொத்தில் மைனருக்குள்ள பங்கை இந்தச் சட்டம் தன் வரம்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அங்கே குடும்பத்தின் கர்த்தா, குடும்பத் தேவைக்காக அனுமதி இல்லாமலே விற்க முடியும், தேவை இருந்ததா என்று பின்னால் கேள்வி கேட்கலாம். 1856 ஆம் ஆண்டின் பழைய முறை அந்த அளவுக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆகவே தாத்தா சொத்தா, அப்பா வாங்கிய சொத்தா என்பதைத் தாய்ப் பத்திரத்தில் பார்ப்பது முதல் வேலை. இஸ்லாமியக் குடும்பங்களில் தாய் பிள்ளையின் சொத்துக்கு இயற்கைக் கார்டியன் அல்ல. தந்தை, அவர் நியமித்தவர், தந்தை வழிப் பாட்டனார் என்று வரிசை போகிறது. தாய் தானாக விற்றால் அது செல்லாது, நீதிமன்ற நியமனம் பெற்றே விற்க முடியும். கிறிஸ்தவக் குடும்பங்களும் 1890 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகத்தான் போக வேண்டும்.

ஏற்கெனவே அனுமதி இல்லாமல் வாங்கி, குடியும் வந்துவிட்டவர்கள் என்ன செய்வது? பின்னால் போய் வாங்கும் அனுமதி முன் அனுமதி ஆகாது. பிள்ளைக்கு 18 வயது நிரம்பும்வரை காத்திருந்து, அவரே மனம் ஒப்பி, பழைய கிரயத்தை ஏற்பதாக ஒரு பத்திரத்தை எழுதிப் பதிவு செய்து கொடுத்தால் குறை தீரும். அதற்கு அவர் பணம் கேட்கலாம், கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. விற்கும் குடும்பத்துக்கும் காத்திருப்பது சில நேரம் நல்ல வழி. மகளுக்கு 17 நடக்கிறது என்றால், சில மாதங்கள் பொறுத்தால் அவள் தன் பங்குக்குத் தானே கையெழுத்துப் போடுவாள், மகன் பங்குக்கு மட்டும் மனுப் போட்டால் போதும். அதுவரை கடன்காரருக்குத் தாய் தன் 50 சென்டிலிருந்து வழி பார்க்கலாம், அல்லது நிலத்தைச் சட்டம் அனுமதிக்கும் காலத்துக்குக் குத்தகைக்கு விட்டு வட்டியைக் கட்டலாம். வாங்க வந்தவரோடு ஒப்பந்தம் போட வேண்டியிருந்தால், நீதிமன்ற அனுமதி கிடைத்தால்தான் கிரயம், கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்று அதிலேயே எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.